கருத்த விரலை முதலில் எடுப்பதா, ரத்தக் குழாயை முதலில் திறப்பதா?

சேரன்மகாதேவியில் வாழை போட்டிருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு வயது 64. பதினெட்டு வருடமாகச் சுகர். புதுச் செருப்பு கடித்து வலது காலின் இரண்டாவது விரலில் ஒரு கீறல் விழுந்தது. கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. ஒரு மாதத்தில் விரல் நுனி காய்ந்த சுண்டைவற்றல் மாதிரி கருத்துச் சுருங்கியது. பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் தையல் போட்ட ஓரமே கருக்க ஆரம்பித்தது.

வெட்டியதில் பிழையில்லை, முதலில் வெட்டியதுதான் பிழை. கிழியாத தோல் கொஞ்ச ரத்தத்திலேயே உயிர் பிழைத்துக் கிடக்கும். புண் ஆற அதைவிட எவ்வளவோ கூடுதல் ரத்தம் வேண்டும். புதுச் சதை வளர ஆக்சிஜனும், கிருமியை அடிக்க வெள்ளணுக்களும், நாம் போடும் ஆன்டிபயாட்டிக்கும் அந்த ரத்தத்தில்தான் வந்து சேர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் ஏறாதபோது காய்ந்த பயிரை அறுத்துவிட்டு அதே வயலில் மறுபடி நட்டால் என்ன ஆகும்? வெட்டிய இடம் இன்னொரு புது புண், அவ்வளவுதான்.

ஆகவே விரல் காய்ந்து கருத்து, சீழும் காய்ச்சலும் இல்லாமல் இருந்தால், முதலில் குழாயைப் பார்த்துத் திறப்பது, அப்புறம் விரலை எடுப்பது என்ற வரிசையே சரி. சீழ், நாற்றம், வீக்கம், காய்ச்சல் என்று ஈர அழுகலாக இருந்தால் கதை வேறு. அன்றைக்கே கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். குழாய் வேலையை அடுத்த சில நாட்களுக்குள் செய்யலாம். அங்கே காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

காலுக்கு ரத்தம் குறைவாகப் போகிறது என்று எப்படித் தெரியும்? கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சுகர்காரர்களிடம் இது ஏமாற்றும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் பட்டையால் அதை அமுக்க முடியாது, அளவு கூடுதலாகக் காட்டும். பெரியப்பாவுக்கு விகிதம் 1.4 வந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். பிறகு பார்த்த ரத்தநாள டாக்டர் கால் கட்டை விரலில் சின்னப் பட்டை கட்டி அங்குள்ள ரத்த அழுத்தத்தை அளந்தார். 24 தான். "30-க்குக் கீழே போனா புண்ணு தானா ஆறாது அண்ணாச்சி, குழாயைத் திறந்தாத்தான் உண்டு" என்றார். அதற்கு முன்னால் யாரும் விரல் அழுத்தத்தை அளக்கவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை அது.

அடுத்த கேள்வி, பலூனா பைபாஸா? ஆஞ்சியோவில் முழங்காலுக்குக் கீழே போகும் மூன்று குழாய்களில் இரண்டு அடைத்திருந்தன, மூன்றாவது சுருங்கியிருந்தது. பாதத்தின் குழாய்கள் தப்பியிருந்தன. சுகர்காரர்களிடம் அதிகம் காண்கிற அமைப்பு இது. கீழே ரத்தம் போய்ச் சேர இடம் இருப்பதால்தான் திறப்பதில் பலனும் உண்டு.

பலூனை விட்டுக் குழாயை விரிப்பது தொடை வழியாக, மரத்துப்போகும் ஊசியோடு முடிந்துவிடும். ஆனால் இந்த மெல்லிய குழாய்கள் ஒரு வருடத்துக்குள் மறுபடி சுருங்குவது சாதாரணம். அதற்குள் புண் ஆறிவிட்டால் பெரும்பாலும் அது போதும், ஏனென்றால் ஆறிய தோலுக்கு அத்தனை ரத்தம் தேவையில்லை. குழாயைப் படத்தில் காட்டச் செலுத்தும் சாய நீர் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் கிரியேட்டினின் பார்த்துத்தான் இறங்குவார்கள். பைபாஸ் பெரிய ஆபரேஷன். அடைப்பைத் தாண்டி ரத்தம் போக ஒட்டுப் போடும் நோயாளியின் சொந்தத் தொடை நரம்பு, அதாவது அசுத்த ரத்தக் குழாய், முழுசாக, நல்லதாக இருந்தால் நீண்ட நாள் தாங்கும். இரண்டையும் ஒப்பிட்டு 2022-இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல நரம்பு உள்ளவர்களுக்கு பைபாஸ் மேலாக இருந்தது. 2023-இல் வந்த பேசில்-2 ஆய்விலோ, முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களில் பலூனில் தொடங்கியவர்கள் காலோடு உயிர் தப்பியது கூடுதல். ஆக நரம்பு, இதயத்தின் நிலை, அடைப்பின் நீளம், இவை மூன்றையும் வைத்து ஆளுக்கு ஆள் முடிவு மாறும்.

பெரியப்பாவுக்கு இதய ஆபரேஷனுக்கு ஏற்கெனவே ஒரு கால் நரம்பை எடுத்திருந்தார்கள். மற்ற கால் நரம்பு ஸ்கேனில் மெலிதாக இருந்தது. எனவே பலூன். விரல் அழுத்தம் 24-லிருந்து 48 ஆனது. பத்து நாள் கழித்து கருத்த ஓரத்தைச் சுத்தம் செய்தபோது சதையில் சிவப்பாக ரத்தம் கசிந்தது. முதல் ஆபரேஷனில் சொட்டு ரத்தம் வரவில்லை என்று பெரியம்மா அப்போதே சொன்னது எங்களுக்கு நினைவு வந்தது. பதினொரு வாரத்தில் புண் மூடியது.

எல்லோருக்கும் குழாய் திறப்பது பொருந்தாது. பாதம் முழுவதும் செத்துவிட்டால், அல்லது நெடுநாளாகப் படுக்கையோடு கிடந்து கால் மடங்கியே போயிருந்தால், குழாயைத் திறந்தாலும் நடக்கிற பாதம் கிடைக்காது. அப்போது நல்ல ரத்தம் உள்ள உயரத்தில் காலை எடுப்பதுதான் வலியைத் தீர்க்கும்.