வதக்கல் பதமா? கடிகாரமா, மூக்கா, ஓரத்து எண்ணெயா

கறிக்கு வதக்கும் வெங்காயமும் தக்காளியும் பதமாகிவிட்டதா என்று அறிய யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் மூன்று வழி உண்டு. சிலர் நேரம் பார்ப்பார்கள், சிலர் பச்சை வாசம் போனதா என்று மணந்து பார்ப்பார்கள், சிலர் தாச்சி ஓரத்தில் எண்ணெய் பிரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் மூன்றாவது கட்சி, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

நேரக்கணக்கை அதிகம் நம்ப வேண்டாம். தக்காளியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கால் கிலோ போட்டால் ஒரு தம்ளர் தண்ணீரை வற்ற வைக்கிறீர்கள் என்று அர்த்தம். அகலத் தாச்சியில் அது விரைவாக வற்றும், குழிவான சட்டியில் இழுத்தடிக்கும். மூக்கு இதைவிட மேல்தான். ஆனால் இஞ்சியும் உள்ளியும் கறிவேப்பிலையும் மணக்கும்போது தக்காளியின் பச்சை வாசம் உண்மையாகவே போய்விட்டதா, அமுங்கிக் கிடக்கிறதா என்று சொல்வது கஷ்டம்.

எண்ணெய் ஏன் பிரிகிறது? தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய் சிறு துளிகளாக மசியலுக்குள் கலந்து நிற்கும். சூடும் 100 பாகையைச் சுற்றியே இருப்பதால் வெந்துகொண்டிருக்குமே தவிர வதங்காது. தண்ணீர் வற்ற வற்ற மசியலால் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் ஓரத்தில் கசியவிடும். அப்போது சத்தமும் மாறும்: களக் களக் என்ற கொதி அடங்கி, சடசடவென்று பொரியத் தொடங்கும். அகப்பையால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டில் நீர் ஓடி வந்தால் இன்னும் ஆகவில்லை. எண்ணெய் மட்டும் மெல்ல ஊறினால் சரி.

இது ஏமாற்றும் இடங்களும் உண்டு. வெங்காயம் வதங்குமுன் தக்காளியைக் கொட்டினால், அதன் புளிப்பு வெங்காயத்தை மென்மையாக விடாது. எண்ணெய் அழகாகப் பிரிந்திருக்கும், வெங்காயமோ நறுக்கென்று கடிபடும். இரண்டு பெரிய வெங்காயம், கால் கிலோ தக்காளி என்றால் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தை ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்கிவிட்டுத்தான் தக்காளி போட வேண்டும். எண்ணெயை ஒரு கரண்டியாகக் குறைத்தால் பிரிவதற்கே ஒன்றும் இராது. அந்த நாளில் சத்தத்தையும் கோட்டையும் மட்டும் நம்புங்கள், இல்லாவிட்டால் எண்ணெய்க்குக் காத்திருந்து அடிபிடிக்க விடுவீர்கள். அடுப்பை அதிகமாக எரியவிட்டாலும் எண்ணெய் ஏமாற்றும்: ஓரம் காய்ந்து எண்ணெய் காட்டும், நடுவில் ஈரம் நிற்கும். கிளறிவிட்டு மறுபடி பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக் கறித்தூளை எண்ணெய் பிரிந்த பிறகே போடுங்கள். அது ஏற்கெனவே வறுத்துத் திரித்தது, நீண்ட நேரம் வதக்கினால் கருகிக் கைக்கும். தூள் போட்டதும் எண்ணெய் சிவந்து எடுப்பாகத் தெரியும், அதைப் பார்த்து முடிவெடுப்பது பிந்திய வேலை. தேங்காய்ப்பால் விட்டபின் மேலே மிதக்கும் எண்ணெயும் கணக்கில் சேராது. அதில் பாலின் எண்ணெயும் கலந்திருக்கும், வதக்கல் அரைகுறையாக இருந்தாலும் அது மிதக்கும்.