வயர் இல்லாமல் கைபேசியிலிருந்து மடிக்கணினிக்கு: கூத்து ஒத்திகைப் பதிவுகளோடு ஒரு நீண்டகால அனுபவம்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் நடக்கும் கூத்து ஒத்திகைகளைக் கைபேசியில் பதிவுசெய்து, வீட்டில் மடிக்கணினியில் வெட்டி ஒட்டுவது சில ஆண்டுகளாக என் பொறுப்பாக இருந்து வருகிறது. கூத்தின் எழுத்துப்பிரதியை ரொறன்ரோவில் இருக்கும் மூத்த அண்ணாவியார் ஒருவரும் திருத்துவதால், பெரிய காணொளிகளும் சிறிய ஆவணங்களும் ஒரே நேரத்தில் என் கையால் போய்வருகின்றன. இந்த இரண்டையும் ஒரே வழியால் அனுப்ப முயல்வதுதான் வீண் சிரமம் என்பதே என் முடிவு.

ஒரு மணி நேர 1080p காணொளி ஏறத்தாழ 8 ஜிகாபைட் வரும். அதை கூகுள் டிரைவில் போட்டு மடிக்கணினியில் இறக்கினால், பக்கத்து மேசைக்குப் போக வேண்டிய கோப்பு கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறது. பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்றால் ஏற்றுவதற்கே மூன்றரை மணி நேரம் தேவை; ஏற்றுவதும் இறக்குவதுமாக 16 ஜிகாபைட் டேட்டாவும் செலவாகும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடமும் மின்னஞ்சலோடும் படங்களோடும் பங்கிடப்படுவது என்பதால், இரண்டாவது ஒத்திகைக்கே அது நிரம்பிவிடும்.

ஆகவே காணொளிக்கு நான் LocalSend என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துகிறேன். இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையமே தேவையில்லை. வீட்டு றூட்டர் வழியாக அனுப்பும்போது கோப்பு கைபேசியிலிருந்து றூட்டருக்கும், அங்கிருந்து மடிக்கணினிக்குமாக இருமுறை காற்றில் செல்வதால் வேகம் குறைகிறது. அதனால் கைபேசியிலேயே ஹொட்ஸ்பொட்டை இயக்கி, அதன் அலைவரிசையை 5 கிகாஹேர்ட்ஸ் எனத் தெரிவுசெய்து, மடிக்கணினியை அதில் இணைப்பதே என் வழக்கம். உண்மை வேகம் நொடிக்கு 200 மெகாபிட் அளவில் கிடைத்தால், அதே 8 ஜிகாபைட் ஐந்தாறு நிமிடங்களில் வந்துசேரும்; 2.4 கிகாஹேர்ட்ஸில் அரை மணி நேரம் வரை இழுக்கலாம். அதற்கு முன் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் மடிக்கணினி தன் புதுப்பிப்புகளை உங்கள் டேட்டாவில் இறக்கத் தொடங்கிவிடும்.

இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று காணவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் செயலி அல்ல. விண்டோஸ் புதிய இணைப்பை Public network எனக் கொள்ளும்போது, உள்ளே வரும் இணைப்புகளைத் தீச்சுவர் தடுத்துவிடக்கூடும். அதை Private network என மாற்றினால் கைபேசி உடனே தென்படும். விடுதிகளிலும் பொது இடங்களிலும் இருக்கும் விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடியே அமைத்திருப்பார்கள். அங்கே ஹொட்ஸ்பொட்தான் வழி.

இன்னொரு தொல்லை, திரை அணைந்ததும் கைபேசி மின்கலத்தைச் சேமிப்பதாக நினைத்துச் செயலியை உறங்கவைப்பது. அனுப்புதல் நடுவில் அறுந்தால், மடிக்கணினியில் கோப்பின் பெயர் மட்டும் ஒழுங்காக இருக்கும், ஆனால் காணொளி திறக்காது. கைபேசிகள் பதிவுசெய்யும் எம்பி4 கோப்பில், படமும் ஒலியும் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்படுவதால், வால் பகுதி இல்லாவிட்டால் முன்பகுதியும் பயனற்றதாகிவிடும். ஆகவே கைபேசியில் அழிக்கும் முன், இரு பக்கத்திலும் கோப்பின் பருமனைப் பைட் எண்ணிக்கையில் ஒப்பிட்டுவிட்டு, காணொளியின் கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஆனால் எழுத்துப்பிரதிக்கு, கூகுள் டிரைவ் போல இணையத்தில் இருக்கும் மேகக் கோப்புறையே சரி. அது சில நூறு கிலோபைட்தான். ஆனால் நாள்தோறும் மாறுகிறது, மாற்றுபவர்களும் ஒரே ஊரில் இல்லை. LocalSend அனுப்பிவிட்டு மறந்துவிடும் செயலி. எந்தப் பிரதி புதியது என்று அதற்குத் தெரியாது. மேகக் கோப்புறையில் அண்ணாவியார் ஒரு விருத்தத்தைத் திருத்தினால் அது என் திரைக்கும் வந்துவிடுகிறது. ஆனால் இணையம் இல்லாதபோது இருவரும் ஒரே வேர்ட் கோப்பில் கைவைத்தால், டிராப்பாக்ஸ் போன்றவை இரண்டையும் ஒன்றாக்குவதில்லை; மோதல் பிரதி எனப் பெயரிட்டு இன்னொரு கோப்பை அருகில் வைத்துவிடும். எது எவருடையது என்று உட்கார்ந்து ஒப்பிடுவது நம் வேலை. எனவே பிரதியைக் கூகுள் டாக்ஸில் வைத்து, எல்லோரும் அதன்மேலேயே எழுதுவது நல்லது.

மேகக் கோப்புறை காப்புப்பிரதி அல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. இணைத்து வைத்த கோப்புறையில் மடிக்கணினியில் ஒன்றை அழித்தால், மேகத்திலும் அது அழிந்துவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும். முழுக் காணொளிகளை வெளிவன்தட்டில் இன்னொரு பிரதியாக வைத்த பிறகே கைபேசியில் அழிக்கிறேன். அண்ணாவியார் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால், வேண்டிய ஐந்து நிமிடத்தை 720p அளவுக்குச் சுருக்கி அந்தப் பகிர்ந்த கோப்புறையில் இட்டுவிடுகிறேன்.