தலைமை விருந்தினருக்கு ஒரு கடிதம், இரண்டு வரைவுகள்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து முதிய தமிழறிஞர் ஒருவரை அழைக்க முடிவாயிற்று. தலைமையாசிரியர் ஒரு வரைவு எழுதினார்; அலுவலகத்தில் இருக்கும் நான் ஒன்று எழுதினேன்.

அவருடையது ‘தமிழ்க்கடலே’ என்று தொடங்கி, முக்கால் பக்கம் புகழ்ந்துவிட்டு, ‘பிப்ரவரி 13 அன்று மாலை நடைபெறும் விழாவுக்கு வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். பயண ஏற்பாடுகள் எங்கள் பொறுப்பு. தக்க மரியாதை செய்வோம்’ என்று முடிந்தது. கேட்க இனிமைதான். ஆனால் எந்த ரயில்? எத்தனை நிமிடம் பேச வேண்டும்? எதிரே அமர்ந்திருப்பவர்கள் ஐந்தாம் வகுப்பா, பிளஸ் டூவா? மரியாதை என்பது சால்வையா, தொகையா? படிப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது. நாகரிகம் கருதிக் கேட்கவும் மாட்டார்.

என்னுடைய வரைவில் இவை எல்லாம் இருந்தன. கோபியில் ரயில் நிலையம் இல்லை, ஈரோட்டில்தான் இறங்க வேண்டும். சேரன் எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே ஈரோட்டைக் கடந்து கோவைக்குப் போய்விடும். அயர்ந்து தூங்கினால் ஊர் தப்பும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டோடு நின்றுவிடுவதால் அந்தக் கவலை இல்லை. 12ஆம் தேதி இரவு அதில் கீழ்ப்படுக்கை, நிலையத்தில் கார், பகலில் ஓய்வெடுக்க அறை என்று எழுதியிருந்தேன். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், டிசம்பர் 10க்குள் பதில் வேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

விழா நேரத்தில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அவர் ‘மாலை’ என்றதை நான் இப்படி எழுதினேன்: ‘விழா 5 மணிக்குத் தொடங்கும். தங்கள் உரை 6.10க்கு, 25 நிமிடம். 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்கள் கேட்பார்கள். பிறகு 40 பரிசுகள். முதல் பத்தைத் தாங்கள் வழங்கினால் போதும்.’ எழுபது கடந்தவரை அரை மணி நேரம் நிற்க வைப்பது முறையல்லவே.

என் வரைவிலும் கோளாறு உண்டு. இரண்டாம் வரியிலேயே மதிப்பூதியம் வந்தது. “சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது போல இருக்கிறதே” என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னது சரி. ஏன் இவரையே அழைக்கிறோம் என்பதற்கும் என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் ஒரு பக்கக் கடிதமும் தனித்தாளில் விவரமுமாக அனுப்பினோம். கடிதத்தில் புகழ் ஒரே வாக்கியம்: எங்கள் மாணவர்கள் அவருடைய கட்டுரையை வகுப்பில் படித்துக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது. தொகை தாளின் கடைசியில், எண்ணில். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கவில்லை; இசைவு வருமுன் பெயரை அச்சடிப்பது வற்புறுத்தல்.

நான்காம் நாள் தொலைபேசியில் இசைந்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: “மேடைக்கு எத்தனை படி? கைப்பிடி உண்டா?” இரண்டு வரைவிலும் அது இல்லை. ஓடிப்போய் எண்ணினேன்: ஐந்து படி, கைப்பிடி இல்லை. அன்று மாலையே தச்சரை வரச் சொன்னோம்.