ஆறு கிளை, ஒரு அறிக்கை: தேனியின் சரிவு எந்தச் சார்ட்டில் தெரியும்?

ஆறு கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடையை வைத்துக்கொள்வோம்: மதுரை, திருச்சி, திண்டுக்கல், கரூர், விருதுநகர், தேனி. திங்கள் காலை எட்டு மணிக்குப் போன வார விற்பனை அறிக்கை முதலாளிக்கும் கிளை மேலாளர்களுக்கும் வாட்ஸ்அப்பில் தானாகப் போய்விட வேண்டும். எக்செல்லில் கையால் போடும் சார்ட்டை அனுப்புமுன் ஒருவர் பார்த்துச் சரிசெய்வார். இதில் அப்படி ஆள் இல்லை. எந்த வாரம் எந்த எண் வந்தாலும் தப்பாகப் படிக்க இடம் தராத சார்ட்தான் வேண்டும். அழகு அப்புறம்தான்.

பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது அடுக்குப் பட்டை. வாரத்துக்கு ஒரு பட்டை, அதற்குள் ஆறு நிறம். பார்க்க நிறைவாக இருக்கும். மதுரை அடியில், தேனி உச்சியில். இப்போது மதுரையின் வார விற்பனை 30 லட்சத்திலிருந்து 34 லட்சமாக ஏறுகிறது, தேனி 4 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்கு இறங்குகிறது, மற்ற நான்கும் அப்படியே என்று வையுங்கள். தேனியின் நிறம் உயர்ந்த பட்டையின் மேல் உட்கார்ந்து இன்னும் மேலே போயிருக்கும். அதன் தடிமன் குறைந்ததை யாரும் அளக்கமாட்டார்கள். "தேனியும் ஏறியிருக்கே" என்றுதான் படிப்பார்கள். அடுக்குப் பட்டையில் நம்பிப் படிக்கக்கூடியவை இரண்டுதான்: மொத்த உயரம், அடியில் உள்ள பகுதி. நடுவில் மிதப்பவை எல்லாம் யூகம்.

அடுத்தது, ஒரே சார்ட்டில் ஆறு கோடுகள். எல்லாக் கோட்டுக்கும் ஒரே அடித்தளம் என்பதால் இது மேல். பொது அளவுகோலில் புள்ளியின் இடத்தைப் பார்ப்பதில்தான் மனிதக் கண் குறைவாகத் தவறுகிறது. கோணமும் பரப்பும் அதற்குக் கீழே என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் 1984இல் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் இங்கே சிக்கல் அளவில் இருக்கிறது. மதுரைக்காக அச்சு 36 லட்சம் வரை போக வேண்டும். சார்ட்டின் உயரம் 6 செ.மீ. என்றால் ஒரு லட்சத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான். தேனி கால்பங்கு விற்பனையை இழந்தது அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். போதாக்குறைக்குக் கீழே நாலைந்து கோடுகள் பின்னிக் கிடக்கும், எது எவருடையது என்று நிறக்குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி, கிளைக்கு ஒரு சிறு சார்ட். ஒவ்வொன்றும் 2 செ.மீ. உயரம், ஒன்றன்கீழ் ஒன்று, ஒரே கால அச்சு. தேனிக்கு உச்சம் 5 லட்சம் என்று வைத்தால் அதே ஒரு லட்சச் சரிவு 4 மில்லிமீட்டர் இறங்கும். சார்ட் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியும் சரிவு இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது. இதற்குக் கொடுக்கும் விலை, கிளைகளுக்கிடையே அளவு ஒப்பீடு போய்விடும். தேனியும் மதுரையும் ஒரே உயரத்தில் நிற்கும். கோட்டின் வலது முனையில் இந்த வாரத் தொகையை எண்ணாகவே எழுதிவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு நிபந்தனை. அச்சின் எல்லையை மென்பொருள் தீர்மானிக்க விடக்கூடாது. பைதானில் சார்ட் வரையும் matplotlib, கோட்டுச் சார்ட்டைத் தானாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்காது. தரவு எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி அச்சைச் சுருக்கும். கரூர் 9.6 லட்சத்துக்கும் 10.2 லட்சத்துக்கும் நடுவே ஆடினால் அது மலையும் பள்ளமுமாகத் தெரியும், திங்கள் காலையிலேயே மேலாளருக்கு போன் போகும். கோட்டுக்குப் பூஜ்யம் கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் அச்சின் எண்களைப் பார்க்காமல் வளைவை மட்டும் பார்ப்பவர்களுக்காக எழுதும்போது, பூஜ்யத்தில் தொடங்கி, உச்சத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் மாற்றுவதே பத்திரம். பெரிய எண்களுக்கு matplotlib அச்சின் மூலையில் 1e6 என்று போடும்; அதை லட்சமாக மாற்றிவிடுங்கள்.

இனி நேரம். நீண்ட ஒரே கோடா, இந்த ஆண்டையும் போன ஆண்டையும் மேலடுக்கிய இரண்டு கோடுகளா? ஜவுளிக்கு இரண்டாவதுதான் சரி. நீண்ட கோட்டில் தீபாவளி முகடு மற்ற எல்லாவற்றையும் நசுக்கிவிடும். ஆனால் தேதிக்குத் தேதி அடுக்கினால் மோசம் போவோம். 2023இல் தீபாவளி நவம்பர் 12. நவம்பர் 5 முதல் 11 வரை கடையில் நிற்க இடமிருக்காது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. அதே நவம்பர் வாரத்தில் கடை காலி. ஆக, அந்த அறிக்கை "விற்பனை படுவீழ்ச்சி" என்று சொல்லும், வியாபாரத்தில் ஒரு குறையும் இல்லாதபோதே. தீபாவளிக்கு எத்தனை வாரம் என்று எண்ணி அடுக்க வேண்டும்:

```python
deepavali = {2023: "2023-11-12", 2024: "2024-10-31", 2025: "2025-10-20"}
df["d"] = pd.to_datetime(df["date"].dt.year.map(deepavali))
df["week"] = (df["date"] - df["d"]).dt.days // 7
```

இதில் -1 என்பது தீபாவளிக்கு முந்தைய ஏழு நாள். அச்சில் அதை "தீபாவளிக்கு 1 வாரம்" என்று எழுதினால் கடைக்காரருக்கு விளக்கமே தேவையில்லை. போன ஆண்டுக் கோடு மெல்லிய சாம்பல், இந்த ஆண்டு தடித்த கறுப்பு. கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தாலும் குழப்பம் வராது.

வட்டச் சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது ஒரு வாரத்தின் பங்கைக் காட்டும், போக்கைக் காட்டாது. இடமும் வலமும் இரண்டு அச்சு வைத்து விற்பனையையும் பில் எண்ணிக்கையையும் ஒரே படத்தில் போடுவதும் வேண்டாம். கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது அச்சுகளை நாம் எப்படி வைத்தோம் என்பதைப் பொறுத்தது. வாசகரோ அந்த வெட்டில் அர்த்தம் தேடுவார்.

பக்க அமைப்பில் போட்டி, படுக்கைவாட்டு ஏ4இல் மூன்றுக்கு இரண்டு கட்டங்களுக்கும் ஒற்றை நெடுவரிசைக்கும் இடையே. மானிட்டரில் முதலாவது கம்பீரமாக இருக்கும். செங்குத்தாகப் பிடித்த போனில் ஒவ்வொரு சார்ட்டும் 2 செ.மீ. அகலத்துக்கு ஒடுங்கும். போனில்தான் பார்ப்பார்கள் என்றால் ஒற்றை நெடுவரிசை, அதுவும் போன் அகலத்துக்கே வெட்டிய பக்கம்.

கிளைகளை எந்த வரிசையில் அடுக்குவது? மோசமானதை மேலே கொண்டுவருவது புத்திசாலித்தனமாகத் தோன்றும். வாராவாரம் இடம் மாறினால் தேனி மேலாளர் தன் கிளையைத் தேடவேண்டியிருக்கும். வரிசை நிலையாக இருக்கட்டும், கவனிக்க வேண்டியதை மேலே ஒரு வாக்கியமாக எழுதிவிடலாம்: "தேனி: 3 லட்சம், கடந்த 13 வாரங்களில் இதுவே குறைவு." 13 வார உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே எல்லாக் கிளைகளும் இருந்தால் "எல்லாம் வழக்கம்போல்" என்றே போடலாம்.

அந்த வாக்கியம் பொய் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒரு கிளையின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு திங்கள் காலைக்குள் வந்து சேராவிட்டால் அதுவே சரிவாகத் தெரியும். கடைசிப் புள்ளி மட்டும் தொங்கி, அடுத்த வாரம் அதே புள்ளி மேலே ஏறியிருந்தால் காரணம் இதுதான். fillna(0) போட்டுப் பூஜ்யத்தால் பூசி மெழுகாமல் அந்தப் புள்ளியை வரையாமல் விட்டு, பக்கத்தில் "தேனி: 1 நாள் கணக்கு பாக்கி" என்று எழுத வேண்டும். பழைய matplotlib பதிப்புகளில் அந்த எழுத்தே உதைக்கும், இரட்டைக்கொம்பு இடம் மாறித் "தேனி" தாறுமாறாக வரும். வார்த்தைகளை எச்டிஎம்எல்லில் எழுதி, சார்ட்டை மட்டும் படமாகச் செருகி, பிரவுசர் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.