டிஏ98-ஆ, டிஏ100-ஆ? ஏம்ஸ் சோதனையில் எந்தப் பாக்டீரியா எதைப் பிடிக்கும்

ஒரு வேதிப்பொருள் டிஎன்ஏவில் திடீர்மாற்றத்தை உண்டாக்குமா என்று பார்க்க, புரூஸ் ஏம்ஸ் 1970களில் பெர்க்லியில் ஒரு சோதனையை உருவாக்கினார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணு ஏற்கெனவே கெட்டுப்போன சால்மோனெல்லாவை எடுத்துக்கொள்கிறார்கள். ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத தட்டில் அது வளராது. சோதிக்கும் பொருள் இன்னொரு திடீர்மாற்றத்தை உண்டாக்கி, பழைய பிழையைத் தற்செயலாகச் சரிசெய்தால்தான் 48 மணி நேரத்தில் ஒரு காலனி எழும். அந்தக் காலனிகளை எண்ணுவதுதான் சோதனை.

சரி, பழைய பிழை எப்படிப்பட்டது என்பதில்தான் டிஏ98, டிஏ100 என்ற இரண்டு வகைச் சால்மோனெல்லாக்களும் பிரிகின்றன.

டிஏ100-இல் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. CTC இருக்க வேண்டிய இடத்தில் CCC இருப்பதால், லூசின் வர வேண்டிய இடத்தில் புரோலின் வந்து நொதி செயலிழக்கிறது. இதைச் சரிசெய்ய எழுத்துக்குப் பதில் எழுத்து மாற வேண்டும். டிஏ98-இல் நடந்தது வேறு. ஓர் எழுத்து விழுந்துவிட்டதால், மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசையே அங்கிருந்து நகர்ந்துவிட்டது. இதை ஃப்ரேம்ஷிஃப்ட் என்பார்கள். இங்கே எழுத்தை மாற்றி என்ன பயன்? ஒன்றைச் சேர்க்க வேண்டும், அல்லது இன்னும் இரண்டை எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று போனால் வரிசை மறுபடி ஒத்துவரும். பிழைக்கு அருகிலேயே CGCGCGCG என்ற தொடர் இருப்பதால் இரண்டெழுத்து வழுக்கல் அங்கே எளிதாக நடக்கிறது. தட்டையான வளைய அமைப்புள்ள பல பொருட்கள் டிஏ98-இல் பளிச்சென்று தெரிவதற்கு இந்தத் தொடர் முக்கியக் காரணம்.

ஆகவே ஒன்றுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியாமல் போகலாம். சோடியம் அசைடு டிஏ100-இல் காலனிகளை அள்ளித் தரும், டிஏ98 அசையாது. 2-நைட்ரோஃப்ளூரீன் டிஏ98-க்கான வழக்கமான ஒப்பீட்டுப் பொருள்.

ஓர் உதாரணக் கணக்கு. மருந்து சேர்க்காத டிஏ98 தட்டில் தானாக மாறியவை 30 காலனிகள் என்று வைத்துக்கொள்வோம். சோதிக்கும் பொருளைத் தட்டுக்கு 10, 33, 100, 333 மைக்ரோகிராம் என்று கூட்டினால் 34, 71, 165, 48 வருகின்றன. டிஏ100-இல் 120-இலிருந்து தொடங்கி 118, 125, 131, 60. டிஏ98-இல் அளவு கூடக் கூட எண்ணிக்கையும் இரு மடங்கைத் தாண்டி ஏறுகிறது, டிஏ100-இல் இல்லை. இது ஃப்ரேம்ஷிஃப்ட் உண்டாக்கும் பொருள். கடைசி அளவில் இரண்டுமே சரிவது பொருள் பாதுகாப்பானது என்பதற்கு அடையாளம் இல்லை; அது பாக்டீரியாவைக் கொல்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் பின்னணியில் இருக்கும் மெல்லிய வளர்ச்சிப் படலம் கலைந்திருக்கும். அங்கே குண்டூசி முனை அளவுக் காலனிகள் நிறைய இருந்தால் ஏமாறக் கூடாது: பிழைத்த சில செல்கள் மிச்சமிருந்த ஹிஸ்டிடினைத் தின்று வளர்ந்தவை அவை, மாறியவை அல்ல.

டிஏ100-க்கு நேரடிப் போட்டி டிஏ1535. இரண்டிலும் அதே CCC பிழைதான், ஆனால் டிஏ100-இல் pKM101 என்ற பிளாஸ்மிட், அதாவது தனியான ஒரு சிறு டிஎன்ஏ வளையம், கூடுதலாக இருக்கிறது. சேதமான டிஎன்ஏவை அது பிழையோடு நகலெடுக்க வைக்கும். அதனால் டிஏ1535 சரியாகக் காட்டாத பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் பி1, டிஏ100-இல் தெளிவாகத் தெரிகிறது. விலை என்னவென்றால், தானாக மாறும் காலனிகள் நூற்றுக்கு மேல் போவதால் சிறிய உயர்வு அதில் மூழ்கிவிடலாம். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் டிஏ100-ஐ எடுப்பேன். சேதத்தைத் தவறவிடுவதைவிடக் கூடுதல் தட்டுகள் போட்டு எண்ணுவது மேல்.

அப்புறம் எஸ்9. எலிக் கல்லீரலை அரைத்து, 9000 ஜி விசையில் சுழற்றி எடுக்கும் மேல்நீர் இது. அஃப்ளாடாக்சினும் பென்சோபைரீனும் உடலின் நொதிகள் மாற்றிய பிறகே டிஎன்ஏவைத் தாக்கும், அந்த நொதிகள் பாக்டீரியாவில் இல்லை. எஸ்9 இல்லாமல் மட்டும் செய்தால் இவை சாதுவாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு: சோடியம் அசைடைப் பாக்டீரியா தன் சொந்த நொதியால் அசிடோஅலனினாக மாற்றுகிறது, திடீர்மாற்றத்தைச் செய்வது அதுதான். எலிகளில் நடந்த நீண்டகாலச் சோதனையில் சோடியம் அசைடு புற்றுநோயை உண்டாக்கவில்லை.

மாதிரி கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் டிஏ98, டிஏ100 இரண்டையும் எஸ்9 சேர்த்தும் சேர்க்காமலும் முதலில் போடலாம். அதில் ஒன்றும் வராவிட்டால் அதோடு நிறுத்த முடியாது. இரண்டின் பிழைகளும் ஜி-சி இணைகள் உள்ள இடங்களில் இருக்கின்றன. ஏ-டி இணையைத் தாக்கும் பொருளுக்கு டிஏ102 அல்லது ஈ. கோலை டபிள்யூபி2 வேண்டும். பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி இந்தச் சோதனைக்கு வகுத்த 471-ஆம் நெறிமுறை ஐந்து வகைப் பாக்டீரியாக்களைக் கேட்பது இதனால்தான்.