டிடிபி சென்டர்ல நோட்டீஸ் அடிக்க குடுக்குறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி இத பாத்துக்கங்க

எங்கப்பா மேலூர்ல கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுத்து பண்றாரு. புக் பண்ண வர்ற பார்ட்டிக்கு கையில குடுக்க ஒரு பக்கத்துல நிபந்தனை நோட்டீஸ் வேணும்னு சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி சென்டர்ல குடுத்தோம். டைப்பிங்குக்கு தனி காசு, டிசைனுக்கு தனி காசுன்னு வாங்குனாய்ங்க. அந்த டிசைனால ஒரு கல்யாணத்துக்கு முந்துன நாள் ராத்திரி மண்டபத்துல பெரிய சண்டையே வந்துருச்சு, அதான் எழுதுறேன்.

நோட்டீஸ்ல ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் டிக் குறி ✔ போட்டுருந்தாய்ங்க. வாழை இலைக்கு டிக், பரிமாற ஆளுக்கு டிக், அதே வரிசையில கேஸ் சிலிண்டருக்கும் டிக். அந்த வரி என்னன்னா "கேஸ் சிலிண்டர் பார்ட்டி பொறுப்பு". இதுல கேஸ் சிலிண்டர் மட்டும் போல்டு, "பார்ட்டி பொறுப்பு" சின்ன எழுத்துல ஓரமா கெடக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க மேலோட்டமா பாத்துட்டு சிலிண்டர் எங்கப்பா கணக்குலன்னு நெனச்சுட்டாங்க, அவங்கள தப்பு சொல்ல முடியாது, டிக் போட்டா உண்டுன்னுதான யாரும் எடுத்துக்குவாங்க? கடைசியில அப்பா கைக்காச போட்டு ராத்திரியோட சிலிண்டர் எறக்குனாரு.

போய் கேட்டா "போல்டு போட்டாத்தாண்ணே எடுப்பா இருக்கும்"னு சொல்றாய்ங்க. இங்கதான் வெவரம் இருக்கு. இங்கிலீஷ்ல கேப்பிடல் எழுத்து இருக்கு, சாய்வு எழுத்து இருக்கு. தமிழ்ல கேப்பிடலே கெடையாது, சாய்ச்சா பாக்க நல்லாவும் இருக்காது, அதனால எல்லா அழுத்தத்தையும் போல்டு மேலயே ஏத்திடுறாய்ங்க. எங்க நோட்டீஸ்ல பாதிக்கு மேல போல்டு, அம்புட்டும் கத்துனா எது காதுல விழும்? அதுலயும் அவிங்க போட்ட ஃபான்ட்டுக்கு சொந்தமா போல்டு கெடையாது போல. அப்படி இல்லாதப்ப சாஃப்ட்வேரே கோட்ட தடிமனாக்கி ஒப்பேத்திரும், சின்ன சைஸ்ல ண, ஞ மாதிரி எழுத்தோட சுழி உள்ள அடைஞ்சு மை பூசுன மாதிரி ஆயிரும், எங்களுக்கு வந்த தாள்ல அப்படித்தான் இருந்துச்சு.

சோதிச்சு பாக்க சுலபமான வழி, போல்டுல இருக்குற வார்த்தைய மட்டும் வரிசையா வாசிங்க. எங்க நோட்டீஸ்ல "கேஸ் சிலிண்டர், பாத்திரம், முன்பணம், ஆள் எண்ணிக்கை"ன்னு வந்துச்சு, இதுல ஒரு முடிவும் தெரியல. வர வேண்டியது "பார்ட்டி பொறுப்பு, திரும்ப கெடையாது, 3 நாளைக்கு முன்னாடி". பொருள் பேர சும்மா விட்டுட்டு முடிவ சொல்ற இடத்துலதான் போல்டு போடணும், அதுவும் பக்கத்துக்கு நாலஞ்சு எடம் போதும்.

எழுத்து சைஸ் 11, 12, 13, 14ன்னு இஷ்டத்துக்கு மாறுச்சு. ஒரு பாயின்ட் வித்தியாசத்த கண்ணு பிரிச்சு பாக்காது, ஏதோ தப்பா அடிச்ச மாதிரிதான் தெரியும். இப்ப நாங்களே உக்காந்து மாத்துனதுல தலைப்பு 20, உள்தலைப்பு 15, மத்ததெல்லாம் 12, அவ்வளவுதான். தமிழ்ல மேல கொக்கி கீழ கொக்கி ரெண்டும் வர்றதால வரிக்கு வரி எடைவெளியயும் கொஞ்சம் கூட்டிக்கிட்டோம்.

குறிய பொறுத்தவரைக்கும் "நாங்க தர்றது", "நீங்க தர வேண்டியது"ன்னு ரெண்டு உள்தலைப்பா பிரிச்சு ரெண்டுலயும் வெறும் கருப்பு புள்ளி • மட்டும் வெச்சோம். முன்பணம் கட்டுறது, மெனு முடிவு பண்றது, ஆள் எண்ணிக்கை சொல்றதுன்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா நடக்குறதுக்கு மட்டும் 1, 2, 3. கை நீட்டுற குறி, ஸ்டாரு எல்லாம் எடுத்தாச்சு.

இன்னொரு விஷயம், அவிங்க வாட்ஸ்அப்ல அனுப்புன வேர்டு ஃபைல போன்ல தொறந்தா டிக் இருந்த எடத்துல ü, அம்புக்குறி இருந்த எடத்துல Øன்னு வந்துச்சு. அது விங்டிங்ஸ்ங்குற ஃபான்ட்ல போட்ட குறி, அந்த ஃபான்ட் இல்லாத போன்ல கீழ இருக்குற நெஜ எழுத்து வெளிய வந்துரும். அதனால பிடிஎஃப்பும் வாங்குங்க, திருத்துறதுக்கு வேர்டு ஃபைலும் வாங்குங்க, ரெண்டையும் கடையிலயே உங்க போன்ல தொறந்து பாருங்க.

காச திருப்பி தர மாட்டேன்னுட்டாய்ங்க, திருத்தி தரவும் மறுபடி டிசைன் சார்ஜ் கேட்டாய்ங்க. ஆயிரம் காப்பி அடிக்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு ப்ரூஃப் தாள் எடுத்து, விஷயமே தெரியாத ஒரு ஆள்ட்ட குடுத்து "சிலிண்டர் யாரு தரணும்?"னு கேக்குற மாதிரி உங்க நோட்டீஸ்ல இருந்து ஒரு கேள்வி கேளுங்க. தேடித் தடுமாறுனாங்கன்னா அடிக்க விடாதீங்க.