பள்ளம் குறையாத முன் டயர்: ஸ்கூட்டரில் ஐந்து வருட அனுபவம்

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதால், அடுத்த வருடம் பழைய ஸ்கூட்டர் ஒன்றைத்தான் வாங்க முடிந்தது. 2017ஆம் ஆண்டு வண்டி. பின் டயரை முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தார். முன் டயர் வண்டியோடு வந்ததே. ஆனால் தரையில் படும் பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் ஆழத்தில் இருந்தன. முன் சக்கரம் வண்டியை இழுப்பதில்லை, அதனால் மெதுவாகத்தான் தேயும். எனக்கு அது இலாபமாகத் தெரிந்தது.

2024 ஒக்டோபர் மழையில், கொழும்பின் காலி வீதியில் பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோட்டின் மேல் முன் பிரேக்கை மெதுவாகத்தான் பிடித்தேன். சக்கரம் சோப்பில் கால் வைத்ததுபோல் விலகியது. காலை ஊன்றித் தப்பினேன். மறுநாள் வெள்ளவத்தையில் வழக்கமாகப் போகும் கராஜில், "தம்பி, பள்ளத்தை விடுங்கள், பக்கத்தைப் பாருங்கள்" என்றார் அங்கிருந்த அண்ணன்.

அன்றுதான் டயரின் பக்கச் சுவரை முதன்முறையாகப் படித்தேன். 90/100-10 என்றிருந்தது: அகலம் 90 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம், உள்ளே பொருந்தும் ரிம் 10 அங்குலம். அடுத்து 53 என்ற எண்ணும் 'ஜே' எழுத்தும். 206 கிலோ வரை சுமை, மணிக்கு 100 கிலோமீற்றர் வரை வேகம் என்று பொருள். எனக்கு வேண்டியது இவை எதுவுமில்லை. சிறு நீள்வட்டத்துக்குள் 1617 என்ற நான்கு எண்கள் இருந்தன. 2017இன் 16ஆவது வாரம், அதாவது ஏப்ரலில் செய்த டயர். ஏழரை வயது! இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். பின் சக்கரத்தில் அது எஞ்சின் பக்கம் மறைந்துவிட்டால், தொலைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துத்தான் படிக்க வேண்டும்.

வயது மட்டும் தீர்ப்பு இல்லை. ஐந்து வருடத்துக்குப் பின் வருடந்தோறும் சோதிக்கவும், பத்தில் எப்படி இருந்தாலும் கழற்றவும் என்று சில உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். வெயிலில் நிற்கும் கொழும்பு வண்டிக்கு ஆறு வருடமே அதிகம் என்பது என் கணக்கு.

அண்ணன் பெருவிரலால் பக்கச் சுவரை அழுத்தி வளைத்தார். தூரத்தில் தூசிக் கோடுகளாகத் தெரிந்தவை வாய் திறந்தன. ஒன்றில் நகத்தின் நுனியை வைத்தார். அது உள்ளே இறங்கியது. மேலோட்டமான மயிரிழைக் கோடுகளில் நகம் வழுக்கிப் போகும். மாட்டிக்கொண்டால் வெடிப்பு ஆழமானது. பள்ளங்களின் அடியிலும் இதே கோடுகள் ஓடின. பிறகு நகத்தை மேற்பரப்பில் ஊன்றினார். நல்ல ரப்பர் குழிந்து மீளும். இதில் தடம்கூட விழவில்லை. வெள்ளைக் கோட்டில் வழுக்கியதற்கு இந்த இறுக்கமே காரணம். ஈரத் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அமர்ந்தால்தான் பிடி கிடைக்கும்.

வெடிப்புகள் ஓரிடத்தில் மட்டும் அடர்ந்திருந்தன. யோசித்தபோது 2022 நினைவுக்கு வந்தது. பெற்றோல் இல்லாத அந்த மாதங்களில் வண்டி நடு ஸ்டாண்டில், கூரையற்ற முற்றத்தில் நின்றது. பின் சக்கரம் அந்தரத்தில். முன் சக்கரம் ஒரே புள்ளியில் தரையை அழுத்தியபடி. அங்கே இழுபட்டு நின்ற ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கியிருக்கிறது. ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் பாதுகாப்பு இரசாயனமும் சக்கரம் உருண்டு டயர் நெகிழும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வரும். ஓடாத வண்டியில் டயர் மிச்சப்படும் என்று நினைத்தவன் நான்.

"காற்று இறங்கவே இல்லையே அண்ணா?" என்று கேட்டேன். டியூப் இல்லாத டயரில் காற்றைப் பிடித்து வைப்பது உட்புறப் படலம். வெளிச் சுவர் வெடித்திருந்தாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும் என்றார். வெடிப்புக்குள் நூல் தெரியும் கட்டத்தில் வண்டியை ஓட்டவே கூடாதாம். என்னுடையது அதற்கு முந்தைய படியில் இருந்தது. ரப்பர் வால்வின் அடியும் வெடித்திருந்ததால் அதையும் சேர்த்து மாற்றினோம்.

கடைக்காரர் முதலில் எடுத்துத் தந்த டயர் நான்கு வருடப் பழையது. இருட்டுக் கிடங்கில் இருந்த டயருக்கு ஒரு வருடம் போனால் பரவாயில்லை, நான்குக்கு முழு விலை ஏன் என்று கேட்டேன். உள்ளே போய் 2224 கொண்டுவந்தார்.

இந்த டயரின் பக்கங்களில் சில மாதங்களில் பழுப்புக் கறை படிந்தது. அழுக்கென்று இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன். அது அந்தப் பாதுகாப்பு இரசாயனம்தான் என்று பின்னர் அறிந்து விட்டுவிட்டேன். பெற்றோலிய எண்ணெய் கலந்த மினுக்குத் திரவத்தையும் நிறுத்தியாயிற்று. வண்டியை ஓட்டாத வாரங்களில் முன் சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி, நிழலில் நிறுத்துகிறேன். இதுவரை வெடிப்பு இல்லை. நகம் இன்னும் குழிகிறது. பார்க்க அழகாக இல்லை, அவ்வளவுதான்.